ஸ்பிரிட்டில் ஒளிந்திருந்த கிருமி

1990 செப்டம்பரில், தைபே நகரிலுள்ள தைவான் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில், நோயாளிகளின் ரத்தத்தை வளர்த்துப் பார்த்த தட்டுகளில் ஒரே கிருமி திரும்பத் திரும்பத் தலைகாட்டத் தொடங்கியது. பேசில்லஸ் சீரியஸ் என்பது அதன் பெயர். மண்ணில் இருக்கும், தூசியில் இருக்கும், ஆறிப்போன சோற்றில் பெருகி வயிற்றைக் கலக்கும். ரத்தத்தில் மட்டும் அதற்கு வேலை இல்லை. எப்போதாவது ஒரு தட்டில் வந்தால் யாரும் பதறுவதில்லை. வெளியிலிருந்து தொற்றியது என்று குறித்துவிட்டு அடுத்த தட்டை எடுப்பார்கள். ஆனால் அக்டோபர் முடிவதற்குள் பதினைந்து நோயாளிகளின் மாதிரிகளில் அது வந்துவிட்டது. பதினான்கு பேருக்கு ரத்தத்தில், ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரில்.

அது எங்கிருந்து வந்தது என்று தேடிப்போன கதை 1999-இல் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் மைக்ரோபயாலஜி இதழில் வெளியானது. கீழே வரும் எண்களும் முடிவுகளும் அந்த அறிக்கையில் உள்ளவை. இடையிடையே நான் விவரிக்கும் மேசை வேலை, இப்படி ஒரு சந்தேகம் வந்தால் எந்த ஊர் ஆய்வகத்திலும் லேப் டெக்னீஷியன் செய்கிற வேலை.

முதலில் தட்டைப் பார்ப்போம். நோயாளியின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தை, சத்துநீர் நிரம்பிய பாட்டிலில் ஊசியால் குத்திச் செலுத்தி, உடல் சூட்டில் வைத்திருப்பார்கள். கிருமி இருந்தால் பெருகும். அப்போது டெக்னீஷியன் அந்தப் பாட்டிலிலிருந்து ஒரு துளி எடுத்து, ஆட்டு ரத்தம் கலந்த அகார் தட்டின் ஓரத்தில் வைத்து, கம்பி வளையத்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுப்பார். மறுநாள் காலையில் தட்டைத் திறந்தால், பேசில்லஸ் சீரியஸ் என்றால் பார்த்த மாத்திரத்தில் ஓரளவு சொல்லிவிடலாம். காலனிகள் பெரியவை, தட்டையானவை, சாம்பல் நிறம், தேய்த்த கண்ணாடியைப் போன்ற மங்கலான மேற்பரப்பு, சீரற்ற விளிம்பு. ஒவ்வொன்றையும் சுற்றி ரத்தம் கரைந்து தெளிந்த ஒரு வளையம் இருக்கும். வெளிச்சத்துக்கு நேராகத் தட்டைத் தூக்கிப் பிடித்தால் அந்த வளையத்தின் வழியே மறுபக்கம் தெரியும்.

இந்த வளையம் சும்மா பார்த்துவிட்டுப் போகிற விஷயமல்ல. ஆந்த்ராக்ஸ் கிருமி இதற்கு மிக நெருங்கிய உறவு. கிராம் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் ஊதா நிறத்துப் பெரிய குச்சிகளாக, சங்கிலி கோத்தபடியே தெரியும். ஆந்த்ராக்ஸ் பொதுவாக ரத்தத்தைக் கரைப்பதில்லை, நீந்துவதும் இல்லை. சீரியஸ் பெரும்பாலும் இரண்டையும் செய்யும். அதை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் அடுத்த வேலை.

அடுத்த கேள்வி, இந்தக் கிருமி எந்தக் கட்டத்தில் உள்ளே நுழைந்தது என்பது. தட்டின் மேலேயே விழுந்ததா? தட்டை அச்சில் ஊற்றியபோது அகாரில் கலந்ததா? பாட்டிலில் முன்பே இருந்ததா? ரத்தத்தோடு வந்ததா? இதைப் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. தட்டின் மேல் காற்றிலிருந்து விழுந்த கிருமி, வளையம் இழுத்த கோட்டை மதிக்காது. கோட்டுக்கு வெளியே, எங்கேயாவது ஓர் ஓரத்தில், தனியாக ஒரு காலனி உட்கார்ந்திருக்கும். பாட்டிலிலிருந்து வந்த கிருமியோ துளி வைத்த இடத்தில் அடர்த்தியாக முளைத்து, கோடு போகப் போக மெலிந்து, கடைசிக் கோட்டில் தனித்தனிப் புள்ளிகளாக முடியும். காலனிகள் கோட்டின் மேலேயே நின்றால் தட்டு குற்றவாளியல்ல.

இதைவிட உறுதியான சாட்சி ஒன்று உண்டு. தட்டில் இழுப்பதற்கு முன்பே, பாட்டிலின் நீரில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் பூசிச் சாயமேற்றிப் பார்ப்பது வழக்கம். அந்தச் சில்லிலேயே ஊதாக் குச்சிகள் தெரிந்தால், கிருமி தட்டைத் தொடுவதற்கு முன்பே பாட்டிலில் இருந்திருக்கிறது. அப்படியானால் பழி பாட்டிலுக்கோ, ரத்தம் எடுத்த விதத்துக்கோ போகிறது. ரத்தம் செலுத்தாத வெறும் பாட்டில்கள் சிலவற்றை அதே தொகுப்பிலிருந்து எடுத்து இன்குபேட்டரில் வைத்துப் பார்ப்பார்கள். அவை தெளிவாகவே இருந்துவிட்டால் பாட்டிலும் விடுபடும். மிச்சம் இருப்பது இரண்டே வழி: நோயாளியின் ரத்தத்தில் கிருமி உண்மையிலேயே ஓடியது, அல்லது ஊசி தோலைக் கடக்கும் அந்த ஒரு கணத்தில் உள்ளே நுழைந்தது.

இந்த இரண்டில் எது என்பதில்தான் நோயாளியின் நலன் இருக்கிறது. பேசில்லஸ் சீரியஸை எப்போதும் வெளிக்கிருமி என்று ஒதுக்கிவிட முடியாது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி வெள்ளணுக்கள் குறைந்துபோன நோயாளியின் ரத்தத்தில் அது நிஜமாகவே புகுந்து உயிரை எடுத்ததுண்டு. பென்சிலின் வகை மருந்துகள் பெரும்பாலும் அதனிடம் எடுபடாது. அவற்றைச் சிதைக்கும் நொதியை அதுவே சுரக்கிறது. அதனால் வான்கோமைசின் போன்ற மருந்துக்குப் போக வேண்டியிருக்கும். ரிப்போர்ட்டில் இந்தப் பெயர் வந்தால் டாக்டர் மருந்தைத் தொடங்கலாம், வேண்டாத மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். தொற்று என்று எண்ணாமல் விட்டுவிட்டால், உண்மையில் தொற்று இருந்தவர் சாகலாம். தட்டைப் பார்ப்பவர் எழுதப் போகும் ஒரு வரியில் இவ்வளவும் தொங்குகிறது.

தைபே பட்டியலைப் பிரித்துப் பாருங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது பேர். ரத்தநோய், புற்றுநோய் வார்டில் மூன்று பேர். அறுவை சிகிச்சைத் தீவிரப் பிரிவில் இரண்டு பேர். குழந்தைகள் வார்டில் ஒருவர். ஒரே வார்டில் எல்லாரும் இருந்திருந்தால், ஒரு நர்ஸின் கை, ஒரு படுக்கை விரிப்பு, ஒரு ஏசி என்று தேடியிருக்கலாம். இங்கே நான்கு துறைகள். ரத்தம் எடுத்தவர்கள் வேறு, மாத்திரை வேறு, சலைன் வேறு. ஆனால் நான்கு இடத்திலும், ஊசி குத்துவதற்கு முன் ஒரு காரியம் ஒரே மாதிரி நடக்கிறது. 70 சதவீத எத்தில் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தோலைத் துடைக்கிறார்கள். நம் ஊரில் ஸ்பிரிட் பஞ்சு என்கிறோமே, அதேதான்.

இங்கேதான் பெரும்பாலானவர்களின் யோசனை தடைப்படும். ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும் பொருள். அதிலேயே கிருமி இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? தேடுகிறவர்கள் கதவின் கைப்பிடியைத் துடைத்து வளர்த்துப் பார்ப்பார்கள், தண்ணீர்க் குழாயைப் பார்ப்பார்கள், ஸ்பிரிட் பாட்டிலைக் கடைசியில்தான் தொடுவார்கள். ஆனால் விடை புதிதல்ல. ராபர்ட் கோக் 1881-இலேயே ஆந்த்ராக்ஸின் ஸ்போர்களை ஆல்கஹாலில் ஊறவைத்து, அவை சாகவில்லை என்று எழுதிவிட்டார்.

பேசில்லஸ் இனக் கிருமிகளுக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. சத்து கிடைக்கும்போது சாதாரண உயிரணுவாக வளர்ந்து பிரியும். சத்து தீர்ந்துபோனால் தன் மரபணுவின் ஒரு பிரதியை உள்ளே தனியறையில் பூட்டி, நீரை வெளியேற்றி, கால்சியமும் டைப்பிகோலினிக் அமிலமும் நிரப்பி, மேலே புரதத்தாலான பல அடுக்குக் கவசம் போட்டுக்கொள்ளும். அதுதான் ஸ்போர். அதற்குள் உயிர்வினை ஏதும் நடப்பதில்லை. ஆல்கஹால் கிருமியைக் கொல்வது அதன் புரதத்தைத் திரிய வைத்தும், சவ்வைக் கரைத்தும்தான். புரதம் திரிவதற்குக் கொஞ்சம் நீர் வேண்டும். அதனால்தான் சுத்த ஆல்கஹாலைவிட நீர் கலந்த 70 சதவீதம் நன்றாகக் கொல்கிறது. ஸ்போரின் நடுவிலோ நீரே குறைவு, வெளியே கவசம். ஆல்கஹால் உள்ளே போய்ச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஸ்போர் சும்மா மிதந்துகொண்டிருக்கும், நாள்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில்.

அந்த ஸ்பிரிட்டால் தோலைத் துடைத்தால் என்ன ஆகும்? ஆல்கஹால் சில நொடிகளில் ஆவியாகிவிடும். ஸ்போர் ஆவியாகாது, தோலின் மேல் தங்கிவிடும். அதே இடத்தில் ஊசி இறங்குகிறது. பாட்டிலின் ரப்பர் மூடியையும் குத்துவதற்கு முன் ஸ்பிரிட்டால் துடைப்பார்கள், ஆகவே ஸ்போருக்கு இன்னொரு வாசலும் உண்டு. பாட்டிலுக்குள் இருப்பதோ சத்துநீர், உடல் சூடு. சில மணி நேரத்தில் ஸ்போர் விழித்துக்கொண்டு முளைக்கிறது. நோயாளியின் ரத்தத்தில் ஒரு கிருமிகூட ஓடியிருக்க வேண்டியதில்லை. அதனால்தான் ஆய்வாளர்கள் இதைப் போலிக் கொள்ளைநோய் என்றார்கள். வளர்ச்சி நிஜம், நோய்தான் இல்லை.

ஸ்பிரிட்டைச் சோதிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாட்டிலிலிருந்து ஒரு துளியை நேராகத் தட்டில் இட்டுவிட்டு, ஒன்றும் முளைக்கவில்லை என்று முடித்துக்கொள்பவர் ஏமாந்துபோவார். தட்டில் இருக்கும் ஆல்கஹாலே முளைக்க விடாமல் தடுக்கும். அதோடு ஒரு மில்லிலிட்டரில் சில ஸ்போர்களே இருக்கலாம்; ஒரு துளியில் ஒன்றுகூட விழாமல் போகலாம். வழக்கமான வழி, நூறு மில்லிலிட்டர் அளவுக்கு எடுத்து, 0.45 மைக்ரான் துளையுள்ள மெல்லிய வடிதாளின் வழியே உறிஞ்சி இறக்குவது. கிருமி தாளில் தங்கும், ஆல்கஹால் கீழே போகும். பிறகு கிருமி நீக்கிய நீரை அதன் மேல் ஊற்றி மிச்ச ஆல்கஹாலையும் கழுவி, தாளை அப்படியே அகாரின் மேல் விரித்து வைக்க வேண்டும். தாளின் மேலேயே காலனி முளைக்கும். கழுவிய நீரை மட்டும் வடித்த ஒரு தாளையும் பக்கத்தில் வைப்பது அவசியம். இல்லையென்றால் முளைத்தது ஸ்பிரிட்டின் கிருமியா, கழுவிய நீரின் கிருமியா என்று தெரியாது.

தைபேயில் மருத்துவமனையின் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த 70 சதவீத ஸ்பிரிட்டிலிருந்து பேசில்லஸ் சீரியஸ் பதினான்கு முறை முளைத்தது. அங்கேயே தேடலை நிறுத்தியிருக்கலாம். பாட்டில்களை எல்லாம் கொட்டிவிட்டு, கழுவி, புதிதாக நிரப்புங்கள் என்று சொல்லியிருந்தால் பலரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். இந்தத் தேடலில் நான் மிகவும் மதிப்பது, அவர்கள் அங்கே நிற்காமல் ஒரு படி மேலே ஏறியதைத்தான்.

70 சதவீத ஸ்பிரிட் அப்படியே வாங்கப்படுவதில்லை. பார்மசியில் 95 சதவீத ஆல்கஹாலை நீர் ஊற்றித் தளர்த்துகிறார்கள். எனவே கிருமி வர மூன்று வாய்ப்பு: கலந்த நீர், ஊற்றிய பாட்டில், மூல ஆல்கஹால். முதல் சந்தேகம் இயல்பாகவே நீர் மேல்தான் போகும். அதைச் சரிபார்க்க எளிய வழி, நீரே கலக்காத ஆல்கஹாலைச் சோதிப்பது. பார்மசியின் ஐந்து தொட்டிகளிலிருந்து 95 சதவீத ஆல்கஹாலை எடுத்தார்கள். ஐந்திலிருந்தும் பேசில்லஸ் சீரியஸ் வந்தது. நீரும் வார்டு பாட்டிலும் சேர்வதற்கு முன்பே கிருமி அங்கே இருந்தது. பிறகு மருத்துவமனையின் சுவரைத் தாண்டி, ஆல்கஹால் விற்ற மதுபான ஆலைக்கே போனார்கள். ஆலையின் 95 சதவீத ஆல்கஹாலிலிருந்தும் பத்து மாதிரிகளில் அதே இனம் கிடைத்தது.

அதே இனம் என்பது அதே கிருமி ஆகாது. பேசில்லஸ் சீரியஸ் உலகமெங்கும் மண்ணில் இருக்கிறது. ஆலையில் ஒன்றும் ரத்தத்தில் ஒன்றும் கிடைத்தால் அவற்றுக்குள் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே மூன்று விதமாக ஒப்பிட்டார்கள். எந்தெந்த மருந்துக்கு எவ்வளவு அசைகிறது என்று பார்த்தார்கள். எந்தெந்தச் சர்க்கரையையும் சேர்மத்தையும் செரிக்கிறது என்று பார்த்தார்கள். மூன்றாவது, மரபணுச் சோதனை. குறிப்பிட்ட இடத்தைத் தேடாமல், ஏதோ ஒரு சிறிய துண்டை மரபணுவில் ஒட்டவிட்டு, அது ஒட்டிய இடங்களுக்கு இடைப்பட்ட பகுதிகளைப் பெருக்கி, ஜெல்லில் ஓடவிட்டால் பட்டைகள் விழும். ஒரே வம்சம் என்றால் பட்டைகள் ஒத்திருக்கும். ஒத்திருப்பது தற்செயல் இல்லை என்று காட்ட, இந்தச் சம்பவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத பன்னிரண்டு பேசில்லஸ் சீரியஸ் கிருமிகளையும் பக்கத்தில் வைத்து ஓட்டினார்கள். ஒப்பிட அவை இல்லாமல் இருந்தால், இந்த ஊரில் எல்லா சீரியஸும் இப்படித்தான் இருக்குமோ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

முடிவு தெளிவாக வந்தது. பதினைந்து நோயாளிகளில் பதின்மூன்று பேரின் கிருமி ஒரே வம்சம்; அதற்கு பி என்று பெயரிட்டார்கள். வார்டு ஸ்பிரிட், பார்மசித் தொட்டி, ஆலை என மூன்று இடத்திலும் கிடைத்த இருபத்தொன்பது கிருமிகளும் அதே பி வம்சம். ஒன்றுகூட விலகவில்லை.

ஆலையில் அது எப்படிச் சேர்ந்தது? வடிக்கும்போது மேலே ஏறுவது ஆவி மட்டுமே. ஸ்போர் ஆவியாகி ஏறாது. எனவே வடித்த பிறகுதான், சேமிக்கும் தொட்டியிலோ குழாயிலோ பீப்பாயிலோ தூசியோடு நுழைந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். நுழைந்துவிட்டால் வெளியேற்றுவது சுலபமல்ல. ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைத்தால் ஸ்போர் சாகும், ஆனால் எரியக்கூடிய ஆல்கஹாலை அதில் வைக்க முடியாது. 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, கிருமி நீக்கிய பாட்டிலில் நிரப்பலாம். இன்னொரு வழி ஹைட்ரஜன் பெராக்சைடு. உலக சுகாதார நிறுவனம் தரும் கைக்கழுவி ஸ்பிரிட்டின் செய்முறையில், 80 சதவீத எத்தனாலோடு 0.125 சதவீதம் பெராக்சைடு சேர்க்கச் சொல்லியிருப்பதைப் பலர் கொரோனா காலத்தில் பார்த்திருப்பார்கள். அது கையிலுள்ள கிருமியைக் கொல்ல அல்ல. ஆல்கஹாலிலோ பாட்டிலிலோ ஒட்டியிருக்கக்கூடிய ஸ்போரைக் கொல்லத்தான். கலந்து நிரப்பிய பிறகு 72 மணி நேரம் தொடாமல் வைக்கச் சொல்வதும் அதற்காகவே. மூடியைத் திறந்து பழைய பாட்டிலில் மேலே மேலே ஊற்றி நிரப்பும் பழக்கம் இந்த ஏற்பாட்டை வீணாக்கிவிடும்.

தைபேயோடு இது முடிந்துவிடவும் இல்லை. 2010-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் பேசில்லஸ் சீரியஸ் வழக்கத்துக்கு மாறாக வரத் தொடங்கியபோது, தேடல் போய் நின்றது உறையிலிட்டு விற்கப்படும் ஸ்பிரிட் பஞ்சில். 2011 ஜனவரியில் அந்தப் பஞ்சுகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். கிருமி நீக்கியது என்று உறையில் எழுதியிருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் பல மருத்துவமனைகளில் அதன் பிறகுதான் வலுப்பட்டது. ஸ்பிரிட் என்றாலே சுத்தம் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக இருந்தது.

தைபே அறிக்கையில் இன்னும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. அதே 1990 மே மாதத்தில், பேசில்லஸ் ஸ்ஃபெரிகஸ் என்ற வேறொரு பேசில்லஸ் ஒரு நோயாளியின் ரத்தத்தில் வந்திருந்தது. ஆலையின் ஆல்கஹாலிலும் அந்த இனம் இரண்டு முறை கிடைத்தது. இதையும் ஆலையின் கணக்கிலேயே எழுதிவிடத் தோன்றும். ஒப்பிட்டுப் பார்த்தார்கள், மருந்துக்கு அசைந்த விதமும் பொருந்தவில்லை, பட்டைகளும் பொருந்தவில்லை. அதனால் எழுதவில்லை.

மற்றொன்று அந்தப் பதினைந்து பேரில் மிச்சமான இரண்டு பேர். அவர்களின் கிருமி பி வம்சம் அல்ல, ஏ. அந்த ஏ வம்சம் ஸ்பிரிட்டில் இல்லை, தொட்டியில் இல்லை, ஆலையில் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றே அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள்.